முதல் படத்துக்கும் லேசி லோடிங் வேண்டுமா? நான்கு வழிகள், ஒரே பக்கம்

சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பழைய படங்களைத் திரட்டி வலைப்பூவில் எழுதி வருகிறார். தோட்டம் விற்கப்பட்டு செம்பனையாக மாறுவதற்கு முன்னால் எடுத்த பால்மரக் காட்டுப் படங்கள், லயத்து வாசலில் குடும்பமாக நின்று எடுத்தவை, கோயில் திருவிழாப் படங்கள். ஒரு பதிவுக்கு இருபது படம் வரை வரும். போன மாதம் புலனத்தில் பக்க வேகச் சோதனையின் திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்பினார். எல்சிபி என்ற வரிசையில் நான்கு வினாடிக்கு மேல் காட்டி, சிவப்பாக இருந்தது. கூடவே ஒரு குரல்பதிவு: "தம்பி, எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் போட்டுட்டேன். அப்புறமும் ஏன் சிவப்பாவே நிக்குது?"

லேசி லோடிங் என்றால், பக்கம் திறந்ததும் எல்லாப் படத்தையும் இறக்காமல், வாசகர் ஒரு படத்தின் அருகில் வரும்போது அதை இறக்குவது. அவர் கேட்டதற்கு முன்பே இரண்டு பேர் இதையே கேட்டிருந்தார்கள். படங்களைச் சும்மா விடுவதா, எல்லாவற்றுக்கும் லேசி லோடிங் போடுவதா, பிளகின் வைப்பதா, இல்லை சிலவற்றுக்கு மட்டும் போடுவதா? சாருடைய பதிவு ஒன்றையே எடுத்துக்கொண்டு நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

## எல்சிபி எதை அளக்கிறது

பக்கத்தைத் திறந்ததும், விரலால் கீழே தள்ளுவதற்கு முன்பு திரையில் தெரியும் பகுதியில் எது அதிக இடத்தைப் பிடிக்கிறதோ, அது கண்ணுக்குத் தெரியும் நேரம்தான் எல்சிபி. அது ஒரு படமாக இருக்கலாம், ஒரு பத்தி எழுத்தாகவும் இருக்கலாம். 2.5 வினாடிக்குள் வந்தால் பச்சை, 4 வினாடியைத் தாண்டினால் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு.

சாரின் பதிவில் திரைக்குக் கீழே இருக்கும் பதினெட்டுப் படங்கள் எப்போது வந்தன என்பதை எல்சிபி பார்ப்பதே இல்லை. லேசி லோடிங்கோ அந்தப் பதினெட்டுக்காகவே வந்த ஏற்பாடு. அவை வழிவிட்டால் மேலே உள்ள படம் சீக்கிரம் வரும் என்பதுதான் அதனால் எல்சிபிக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நன்மை. வழிவிட வேண்டியவர்களின் வரிசையில் மேல் படத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டால் அந்த நன்மை அங்கேயே போய்விடும். சாருக்கு நடந்தது அதுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, மேல் படத்தை உலாவி எந்த நொடியில் கேட்கத் தொடங்குகிறது? எச்டிஎம்எல் வந்தவுடனேயா, அல்லது பக்கத்தின் அமைப்பு முழுவதும் தயாரான பிறகா?

இரண்டாவது, கேட்ட பிறகு அந்தப் படத்தோடு இணைய வேகத்தைப் பங்கு போட்டுக்கொள்வது எத்தனை பேர்?

மூன்றாவது, வாசகருக்கு ஆகும் செலவு. தோட்டத்துப் பக்கம் வாசகர்களில் பலர் முன்கட்டண டேட்டாவில்தான் படிக்கிறார்கள். மூன்று எம்பி என்பது அவர்கள் பையிலிருந்து போவது.

நான்காவது, இதைக் கட்டிக் காப்பது யார்? சார் பதிவு எழுதுவார், படம் ஏற்றுவார். ஒவ்வொரு படத்தின் குறிமுறையையும் திறந்து பார்க்க அவரால் முடியாது, அவரிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

## கணக்குக்கு எடுத்துக்கொண்ட பக்கம்

பதிவின் உச்சியில் ஒரு படம்: விடிவதற்கு முன்பு பால் வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்கள். அது 200 கேபி. அதற்குக் கீழே பதினெட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 150 கேபி. தீமின் சிஎஸ்எஸ், தலைப்பகுதியில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் சேர்ந்து 120 கேபி.

இணைய வேகத்துக்கு, பக்க வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி கைப்பேசிச் சோதனையில் வைத்திருக்கும் அளவையே எடுத்துக்கொள்கிறேன். அது நொடிக்கு 1.6 மெகாபிட், அதாவது வினாடிக்கு 200 கேபி. ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 150 மில்லிவினாடி. டவுனை விட்டுத் தோட்டத்துக்குள் போனால் சிக்னல் குறையும் இடங்களுக்கு இது பொருத்தமான அளவுதான்.

எச்டிஎம்எல் வந்து சேர 1 வினாடி என்று வைப்போம். அதன் பிறகு சிஎஸ்எஸ்ஸும் ஸ்கிரிப்டும் கேட்டு வாங்க 0.15 + 0.6 வினாடி. ஆக 1.75. மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசி அந்த ஸ்கிரிப்டை ஓட்டி, எது எங்கே நிற்க வேண்டும் என்று பக்கத்தை அடுக்க 0.7 வினாடி. ஆக 2.45 வினாடியில் பக்கத்தின் அமைப்பு தயார். இந்த 2.45ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

## வழி 1: எதற்கும் லேசி லோடிங் இல்லை

உலாவிக்குள் பிரீலோட் ஸ்கேனர் என்று ஒன்று இருக்கிறது. எச்டிஎம்எல் வர வர அதை முன்கூட்டியே மேய்ந்து, எந்தெந்தக் கோப்பு தேவைப்படும் என்று பார்த்து, அமைப்பு தயாராகும் வரை காத்திராமல் கேட்கத் தொடங்கிவிடும். சாதாரண `<img src>` எல்லாம் அதன் கண்ணில் படும். அதனால் மேல் படத்துக்கான கேள்வி 1 வினாடியிலேயே போய்விடுகிறது. முதல் கேள்விக்கு இந்த வழி நல்ல பதிலைத் தருகிறது.

இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல். அதே நொடியில் மற்றப் படங்களும் வரிசை கட்டுகின்றன. அமைப்பு தயாராகும் வரை எந்தப் படம் திரையில் தெரியும், எது கீழே கிடக்கும் என்று உலாவிக்குத் தெரியாது. குரோம் பக்கத்தின் முதல் ஐந்து பெரிய படங்களுக்குக் கொஞ்சம் முன்னுரிமை தரும். நம் பக்கத்தில் மேல் படமும் அதற்கடுத்த நான்கும் அப்படிச் சேர்ந்தே வரும். சர்வர் ஐந்தையும் சமமாகப் பகிர்ந்து அனுப்பினால் மொத்தம் 800 கேபி, 4 வினாடி. பெரியதான மேல் படம் கடைசியாக முடியும். 1.75 + 4 = 5.75 வினாடி. சர்வர் மேல் படத்தை முதலில் அனுப்பிவிட்டால் 2.75 வினாடி. உங்கள் பக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே விழும் என்பது சர்வரைப் பொறுத்தது. அமைப்பு தயாரானதும் குரோம் மேல் படத்தின் முன்னுரிமையை உயர்த்தும், ஆனால் அதை மதித்து உடனே வரிசையை மாற்றி அனுப்பும் சர்வர்கள் எல்லா இடத்திலும் இல்லை.

வாசகருக்கு ஆகும் டேட்டா, படங்களுக்கு மட்டும் 2.9 எம்பி. மேல் படத்தைப் பார்த்துவிட்டு உடனே மூடியவருக்கும் கீழே உள்ள படங்களில் ஒரு பகுதி இறங்கியிருக்கலாம்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை எழுதும் பலர் சொல்வதில்லை. டவுனில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, சிக்னல் இல்லாத லயத்தில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ காட்டுபவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் படமும் முன்பே இறங்கியிருந்தால்தான் அவர்களால் காட்ட முடியும். லேசி லோடிங் போட்ட பக்கத்தில் மூன்றாவது படத்துக்குக் கீழே வெற்றுப் பெட்டிகள்தான் இருக்கும். சாரின் வாசகர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவில் மூன்று நான்கு படம்தான் இருக்கிறது, எல்லாம் சிறியவை என்றால் இந்த வழியிலேயே இருந்துவிடலாம்.

## வழி 2: எல்லாவற்றுக்கும் `loading="lazy"`

இது உலாவியே செய்யும் லேசி லோடிங். குரோமில் 2019லும், பயர்பாக்ஸில் 2020லும், சபாரியில் 2022லும் வந்தது. எந்த ஸ்கிரிப்டும் வேண்டாம், ஒரு சொல் சேர்த்தால் போதும். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுகிறார்கள்.

`lazy` என்று எழுதிய படத்தை உலாவி எப்போது கேட்கும்? அது திரைக்குள்ளோ திரைக்கு அருகிலோ இருக்கிறது என்று தெரிந்த பிறகு. அது தெரிய வேண்டுமானால் சிஎஸ்எஸ் வந்து, ஸ்கிரிப்ட் ஓடி, அமைப்பு முடிந்திருக்க வேண்டும். அதாவது 2.45 வினாடி. பிரீலோட் ஸ்கேனர் அந்தப் படத்தைப் பார்த்தும் தொடாமல் கடந்து போகும், ஏனென்றால் இப்போது வேண்டாம் என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே மேல் படத்துக்கான கணக்கு: 2.45 வினாடியில் கேள்வி, 0.15 போய் வர, 200 கேபி இறங்க 1 வினாடி. மொத்தம் 3.6. வினாடி 1.75 முதல் 2.45 வரை கைப்பேசி ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும்போது இணைய இணைப்பு சும்மா இருந்தது. அந்த இடைவெளியில் 140 கேபி இறங்கியிருக்கலாம், படத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு.

இன்னொன்றும் உண்டு. `lazy` என்றால் திரையில் தெரிந்த பிறகுதான் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குரோம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். நல்ல இணைப்பில் திரைக்குக் கீழே 1250 பிக்சல் தூரம் வரையிலும், 3ஜி போன்ற மெதுவான இணைப்பில் 2500 பிக்சல் வரையிலும் உள்ள படங்களைக் கேட்கும். சாரின் பக்கத்தில் படங்கள் நெருக்கமாக இருப்பதால் அடுத்த இரண்டு மூன்று படங்கள் மேல் படம் இறங்கும் அதே நேரத்தில் தொடங்கிவிடும். அதனால் 3.6 என்பது நல்லபடியாக நடந்தால் கிடைக்கும் எண், அதற்கு மேலேயும் போகலாம்.

டேட்டா மிச்சம், பராமரிப்பு என்ற இரண்டிலும் இந்த வழிக்குக் குறையில்லை. சார் எதையும் யோசிக்க வேண்டாம்.

இது எங்கே நல்ல தேர்வு என்றால், உச்சியில் படமே இல்லாத பதிவுகளில். சாரின் பழைய பதிவுகள் பல மூன்று பத்தி எழுத்தோடு தொடங்குகின்றன. கைப்பேசியில் திறந்தால் திரை முழுக்கத் தமிழ் எழுத்து, முதல் படம் இரண்டு திரைக்குக் கீழே. அங்கே எல்சிபி ஆகப்போவது ஒரு பத்தி. எல்லாப் படத்துக்கும் `lazy` போட்டால், எழுத்துருக் கோப்புக்குப் படங்கள் வழிவிடும், பத்தி சீக்கிரம் தெரியும். அதே பதிவை மேசைக் கணினியில் திறந்து பாருங்கள். திரை அகலமாகி மூன்று பத்திகளும் சுருங்கிவிடுவதால் முதல் படம் திரைக்குள் ஏறி வந்துவிடும், எல்சிபி பத்தியிலிருந்து படத்துக்கு மாறிவிடும். ஒரே பக்கத்துக்கு இரண்டு கருவியில் இரண்டு விதமான பதில் வருவது அதனால்தான். வாசகர்கள் எதில் படிக்கிறார்களோ அதை வைத்து முடிவெடுங்கள். எங்கள் ஊரில் அது கைப்பேசி.

## வழி 3: ஜாவாஸ்கிரிப்ட் வழி லேசி லோடிங்

சார் வைத்திருந்தது இதைத்தான். யாரோ பரிந்துரைத்த ஒரு பிளகின். அது படத்தின் முகவரியை `src` என்ற இடத்திலிருந்து எடுத்து `data-src` என்ற இடத்தில் ஒளித்து வைக்கும். அப்புறம் அதன் ஸ்கிரிப்ட் ஓடி, படம் திரைக்கு அருகில் வரும்போது முகவரியைத் திருப்பி எழுதும்.

`loading="lazy"` போட்ட படத்தை உலாவியால் பார்க்கவாவது முடியும். `data-src`இல் இருக்கும் படம் அதன் கணக்கிலேயே இல்லை. அமைப்பு தயாராக வேண்டும், அதற்கு மேல் அந்த ஸ்கிரிப்டும் வந்து ஓடியாக வேண்டும். 30 கேபி ஸ்கிரிப்ட் இறங்க 0.15, மெதுவான கைப்பேசியில் ஓட 0.3 என்று வைத்தால்: 2.45 + 0.15 + 0.3 + 0.15 + 1.0 = 4.05 வினாடி. சிவப்பு. சார் அனுப்பிய திரைப்பிடிப்பும் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போனது.

படம் மங்கலிலிருந்து மெல்லத் தெளிவாகும் அலங்காரமும் அந்தப் பிளகினில் இயக்கத்தில் இருந்தது. முழுக்க மறைந்த நிலையில், அதாவது `opacity: 0`வில் இருக்கும் படத்தை எல்சிபி கணக்கில் சேர்க்காது. படம் இறங்கி முடிந்தும் மேலே சொன்ன எண்ணுக்கு மேல் தாமதம் கூடக்கூடும். அலங்காரத்தை நிறுத்தியதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

அந்தப் பிளகினில் முதல் சில படங்களை விலக்கு என்று ஒரு அமைப்பு இருந்தது. சார் அதில் 1 என்று போட்டிருந்தார். சரியாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் பக்கத்தின் எச்டிஎம்எல்லில் முதலாவதாக வரும் படம் வலைப்பூவின் சின்னம், மூலையில் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு பால்மர ஓவியம். விலக்கு அதற்குப் போய்விட்டது. பால் வாளியோடு நிற்கும் பெண்கள் வரிசையிலேயே நின்றார்கள். இந்த மாதிரி அமைப்பைப் பயன்படுத்துபவர்கள் பக்கத்தின் மூலக் குறிமுறையைத் திறந்து, மேல் படம் எத்தனையாவது `<img>` என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலாவிகள் எல்லாம் `loading` சொல்லைப் புரிந்துகொள்ளும் இன்றைய நிலையில், சாதாரண `<img>` படங்களுக்கு இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இன்றைக்கும் இது தேவைப்படுவது சிஎஸ்எஸ் பின்னணிப் படங்களுக்கு. அவற்றில் `loading` சொல்லைச் சேர்க்க இடமில்லை.

## வழி 4: மேல் படம் உடனே, மற்றவை `lazy`

```html
<img src="paal-vaali.jpg" width="960" height="640"
     fetchpriority="high" alt="பால் வாளியுடன் பெண்கள்">

<img src="layam.jpg" width="960" height="640"
     loading="lazy" alt="லயத்து வாசல்">
```

மேல் படத்தில் `loading` என்ற சொல்லே இல்லை. அதனால் பிரீலோட் ஸ்கேனர் அதை 1 வினாடியிலேயே கேட்கிறது. `fetchpriority="high"` என்பது, திரையில் தெரியப்போவது இதுதான் என்று அமைப்பு தயாராவதற்கு முன்பே உலாவியிடம் சொல்லி வைப்பது. மற்றப் பதினெட்டும் அமைப்பு முடியும் வரை வாய் திறக்காது.

கணக்கு: சிஎஸ்எஸ்ஸும் ஸ்கிரிப்டும் 1.75இல் முடிகின்றன. அதன் பின்னாலேயே மேல் படம், 200 கேபி, 1 வினாடி. 2.75 வினாடியில் வந்துவிடுகிறது. கைப்பேசி பக்கத்தை அடுக்கிக்கொண்டிருந்த 0.7 வினாடியும் வீணாகாமல் படம் இறங்கப் பயன்பட்டது. வழி 1இன் மிக நல்ல நிலைதான் இங்கே ஏறக்குறைய எப்போதும் கிடைக்கிறது, சர்வரின் குணத்தை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை.

2.75 இன்னும் பச்சை இல்லை. அந்தப் படத்தைச் சுருக்கி 120 கேபி ஆக்கினால் 0.6 வினாடியில் இறங்கும், 2.35இலேயே கைக்கு வந்துவிடும். அமைப்பு 2.45இல்தான் தயாராகும் என்பதால் எல்சிபி 2.45. பச்சை. இதே 120 கேபி படத்தை வழி 2இல் வைத்துப் பாருங்கள்: 2.45 + 0.15 + 0.6 = 3.2. படத்தை மட்டும் சுருக்கிவிட்டு, `lazy`யை எடுக்காமல் விட்டவர்களுக்கு எண் அவ்வளவாக நகராமல் இருப்பது இதனால்தான்.

அதே சமயம், கேமராவிலிருந்து எடுத்த 3 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம். வினாடிக்கு 200 கேபியில் அது இறங்க 15 வினாடி. முதலில் படத்தை 1000 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் வாருங்கள்.

இந்த வழிக்கும் செலவு உண்டு, அது பராமரிப்பில் வருகிறது. பதிவுக்குப் பதிவு மேல் படம் எது என்று யாராவது, அல்லது தீம், முடிவு செய்ய வேண்டும். `high` என்பதை ஒரு படத்துக்கு மேல் கொடுத்தால் முன்னுரிமை பங்கு போய்விடும். நாலு படத்துக்குக் கொடுத்தால் வழி 1க்கே திரும்பிய மாதிரி. ஒரே படத்தில் `high`, `lazy` இரண்டையும் எழுதினால் `lazy`தான் நேரத்தைத் தீர்மானிக்கும், 2.45 வரை காத்திருக்க வேண்டியதுதான். தோட்டத்துக்குள் போய்ப் படிப்பவருக்கு வெற்றுப் பெட்டிகள் வரும் குறை இங்கேயும் இருக்கிறது.

## எண்கள் ஒரே இடத்தில்

| | மேல் படம் கேட்கப்படும் நேரம் | எல்சிபி | உடனே மூடினால் ஆகும் டேட்டா | எழுதுபவரின் வேலை |
|---|---|---|---|---|
| எதற்கும் இல்லை | 1.0 வி | 2.75 முதல் 5.75 வி | அதிகம் | இல்லை |
| எல்லாவற்றுக்கும் `lazy` | 2.45 வி | 3.6 வி, கூடலாம் | குறைவு | இல்லை |
| ஜாவாஸ்கிரிப்ட் | 2.9 வி | 4.05 வி, கூடலாம் | குறைவு | விலக்கை எண்ணிப் போட வேண்டும் |
| மேல் படம் `high`, மற்றவை `lazy` | 1.0 வி | 2.75 வி | குறைவு | மேல் படத்தை அடையாளம் காட்ட வேண்டும் |

இந்த எண்கள் மேலே சொன்ன பக்கத்துக்கும் வேகத்துக்கும் உரியவை. வேகமான வைஃபையில் இந்த இடைவெளிகள் சுருங்கிவிடும். அதனால் வீட்டில் மடிக்கணினியில் திறந்து பார்த்து, எல்லாம் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

## உங்கள் பக்கத்தில் எப்படித் தெரிந்துகொள்வது

குரோமில் டெவலப்பர் கருவியைத் திறந்து, கன்சோலில் இதை ஒட்டுங்கள்.

```js
new PerformanceObserver((list) => {
  const e = list.getEntries().at(-1);
  console.log(Math.round(e.startTime), e.element);
}).observe({type: 'largest-contentful-paint', buffered: true});
```

எத்தனை மில்லிவினாடி, எந்தப் பொருள் என்று இரண்டும் வரும். வந்தது `<p>` என்றால் படங்களை விட்டுவிட்டு எழுத்துருவைக் கவனியுங்கள். வந்தது `<img>` என்றால் அதன் குறிமுறையிலேயே `lazy` இருக்கிறதா, `data-src` இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சோதிக்கும்போது திரையைத் தொடவோ தள்ளவோ கூடாது, தொட்டவுடன் எல்சிபி கணக்கு நின்றுவிடும். பக்கத்தை வேறு தாவலுக்குப் பின்னால் திறந்து வைத்தாலும் எண் சரியாக வராது.

அப்புறம் `Performance` பலகத்தில் எல்சிபி நான்கு துண்டாகப் பிரிந்திருக்கும். அதில் `Resource load delay` என்ற துண்டைப் பாருங்கள். எச்டிஎம்எல் வந்ததற்கும் படத்தைக் கேட்டதற்கும் நடுவே வீணான நேரம் அது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. வழி 2இல் 3.6இல் 1.45 வினாடி அதற்கே போனது, நாற்பது விழுக்காடு. இந்தத் துண்டு பெரிதாக இருந்தால் படத்தைச் சுருக்குவதற்கு முன்பு `lazy`யைத் தேடுங்கள். இது சிறிதாக இருந்து `Resource load duration` பெரிதாக இருந்தால் படத்தின் கேபியையோ, அதோடு போட்டியிடும் மற்றப் படங்களையோ பாருங்கள்.

## வேர்ட்பிரஸ்ஸில் இருப்பவர்களுக்கு

வேர்ட்பிரஸ் 2020 ஆகஸ்டில் வந்த 5.5இல் எல்லாப் படத்துக்கும் தானாகவே `lazy` போடத் தொடங்கியது. அது மேல் படத்தையும் தாமதப்படுத்துகிறது என்று தெரிந்ததும், 2022 ஜனவரியில் வந்த 5.9இல் முதல் படத்தை விலக்கினார்கள். 2023இல் வந்த 6.3 முதல், முதல் மூன்று படங்களுக்கு `lazy` இல்லை, போதிய அளவுள்ள முதல் படத்துக்கு `fetchpriority="high"` தானாகவே சேர்கிறது. சின்னம் போன்ற சிறிய படத்துக்கு `high` போய்விடாதபடி 50,000 சதுரப் பிக்சல் என்ற எல்லையும் வைத்திருக்கிறார்கள். ஆக, புதிய வேர்ட்பிரஸ் ஏறக்குறைய வழி 4ஐத் தானே செய்கிறது. அதற்கு மேல் ஒரு லேசி லோடிங் பிளகினை வைத்தால், அது செய்து வைத்ததை அழித்து வழி 3க்கு இழுத்துப் போகலாம்.

சாரிடம் இருந்ததும் புதிய பதிப்புதான். பிளகினை நிறுத்தி, தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மூலக் குறிமுறையைப் பார்த்தோம். `data-src` போயிருந்தது, பால் வாளிப் படத்தில் `fetchpriority="high"` இருந்தது. படத்தையும் 120 கேபிக்குச் சுருக்கி ஏற்றினார். மறுபடி சோதித்ததில் சிவப்பு போய்விட்டது. இதுவரை வந்த எல்லாப் பதிவுகளுக்கும் அவர் கை வைக்க வேண்டியதாகவே இல்லை.

மிச்சம் இருந்தது லயத்தில் சிக்னல் இல்லாத வாசகர்கள். அவர்களுக்காக, குடும்பப் படங்கள் அதிகம் உள்ள நான்கு பதிவுகளில் மட்டும் படங்களை ஒரு பிடிஎஃப் கோப்பாகவும் வைக்கலாமா என்று கேட்டேன். "புலனத்துலயே அனுப்பிடலாமே தம்பி, அவங்க எல்லாரும் குழுவுல இருக்காங்க" என்றார். அப்படியே செய்கிறார்.